முதல் கேள்வியும் கதவோரச் சேதியும்

கிளினிக் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒரு விசித்திரம் புரியும். முன்பின் தெரியாத பக்கத்து ஆளிடம், எப்போது ஆரம்பித்தது, எந்த ஊர் டாக்டர் என்ன சொன்னார், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரி என்ன பயம் வருகிறது என்று முழு வரலாறும் ஓடும். அதே ஆள் உள்ளே போய், அந்த வரலாற்றைக் கேட்பதற்கென்றே படித்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம், ஒரு வரி சொல்லிவிட்டு மருந்துச் சீட்டோடு வெளியே வந்துவிடுவார். எழுந்து கதவருகே போனபின் திரும்பி, "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு..." என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு. பல நேரம் அந்த இன்னொன்றுதான் அன்றைக்கு முக்கியமான விஷயமாக இருக்கும். இதைக் கதவோரச் சேதி என்று வைத்துக்கொள்வோம்.

ஏன் இப்படி என்று கேட்டால் பயம், கூச்சம், வெளியே காத்திருக்கும் கூட்டம் என்று பதில் வரும். எதுவும் பொய்யில்லை. ஆனால் இவையெல்லாம் நோயாளியின் பக்கத்துக் காரணங்கள். மருத்துவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் என்ன என்று கேட்டவர்களுக்கு வேறு ஒரு காரணமும் கிடைத்தது. நோயாளி எதைச் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்பதில் பெரும்பகுதியை அந்த வாக்கியமே தீர்த்துவிடுகிறது.

இந்த வகை ஆராய்ச்சிக்கு விதை போட்டவர் மருத்துவரல்ல, ஹார்வி சாக்ஸ் என்ற சமூகவியலாளர். 1960-களின் முற்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸில், தற்கொலை எண்ணம் உள்ளவர்களும் மனநெருக்கடியில் இருப்பவர்களும் உதவி கேட்டுச் செய்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அழைப்புகளை எடுத்த ஊழியர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். அழைப்பவர்கள் பெயர் சொல்ல மறுக்கிறார்கள். நேரடியாகக் கேட்டால் எதற்கு என்கிறார்கள். சாக்ஸ் அழைப்புகளின் முதல் இரண்டு வரிகளை மட்டும் எடுத்து அடுக்கிப் பார்த்தார். ஊழியர் வெறுமனே ஹலோ என்றால் மறுமுனையிலும் ஹலோ. ஊழியர் தன் பெயரைச் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டால், மறுமுனையிலிருந்து பெரும்பாலும் பெயர் தானாக வந்தது. பெயரை யாரும் கேட்கவேயில்லை. ஒருவர் பெயர் சொன்னதும், அடுத்தவர் பெயர் சொல்வதற்கென்று ஓர் இடம் திறந்துவிடுகிறது.

இன்னும் சுவையான ஓர் அழைப்பு உண்டு. ஊழியர் பெயரைச் சொன்னதும் மறுமுனை, சரியாகக் கேட்கவில்லை என்கிறது. ஊழியர் மறுபடி சொல்கிறார். மறுமுனை அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறது. இதற்குள் தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் கடந்துபோய்விட்டது. மறுக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பேச்சில் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த ஆளுக்கு ஓர் இடத்தைத் திறக்கிறது, அந்த இடத்துக்குப் பொருந்துவதைத்தான் மனிதர்கள் சொல்கிறார்கள், பொருந்தாததைச் சொல்லத் தனியாக முயற்சி வேண்டும் என்பது சாக்ஸ் கண்டது. பதிவு செய்த பேச்சை வார்த்தை வார்த்தையாக, இடைவெளியும் இருமலும் உட்பட எழுதி வைத்து ஆராயும் உரையாடல் பகுப்பாய்வு என்ற துறை இங்கிருந்துதான் வளர்ந்தது.

மருத்துவமனைப் பேச்சின் பக்கம் இந்தக் கண் திரும்பியபோது முதலில் சிக்கியது குறுக்கீடு. 1984-இல் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்ற இருவர் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தன் குறைகளைத் தொடக்கத்திலேயே முழுதாகச் சொல்லி முடிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் 17 பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோரை மருத்துவர் நடுவில் நிறுத்தினார், சராசரியாக 18 விநாடியில். நிறுத்தினார் என்றால் அதட்டினார் என்று பொருளில்லை. நோயாளி முதலில் சொன்ன குறையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நாளா, எந்தப் பக்கம், ராத்திரியில அதிகமா என்று கேட்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். எல்லாம் நல்ல கேள்விகள். ஆனால் அப்படி நிறுத்தப்பட்டவர்களில் திரும்பி வந்து மிச்சத்தைச் சொல்லி முடித்தவர் ஒரே ஒருவர்.

அந்த மருத்துவர்களின் நடத்தைக்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. முதலில் சொல்வதுதான் முக்கியமான குறை என்பது ஒன்று. விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே பதிவுகளில் நிற்கவில்லை. குறைகளைச் சொல்லும் வரிசைக்கும் அவற்றின் மருத்துவ முக்கியத்துவத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. சொல்லி முடித்தவர்களில் ஒருவரும் 150 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் சுவிட்சர்லாந்தில் பாஸல் நகரில், நோயாளியே முடித்துவிட்டேன் என்று காட்டும்வரை வாய் திறக்கக் கூடாது என்று மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து 335 பேரை நேரம் அளந்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில் சராசரிப் பேச்சு 92 விநாடி. 5 நிமிடத்துக்கு மேல் பேசியவர்கள் 7 பேர். அவர்கள் சொன்னதும் தேவையான தகவல்தான் என்று கேட்ட மருத்துவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

குறுக்கீடு எல்லார் காதிலும் விழும். அதற்கு முன்பே, நோயாளி வாய் திறப்பதற்கும் முன்பே ஒன்று நடந்துவிடுகிறது. ஜான் ஹெரிடேஜ், ஜெஃப்ரி ராபின்சன் என்ற இரு உரையாடல் ஆய்வாளர்கள் அதில்தான் கண் வைத்தார்கள். அமெரிக்காவில் திடீர்க் குறைகளுக்காகப் பொதுமருத்துவரிடம் வந்த 302 சந்திப்புகளின் பதிவுகளை எடுத்து, மருத்துவரின் தொடக்கக் கேள்விகளைப் பிரித்துப் பார்த்து, 2006-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பிரித்த வகைகளில் இரண்டு நமக்குப் போதும்.

ஒன்று, "இன்னிக்கு என்ன விஷயமா வந்தீங்க?" என்ற பாணி. இதைத் திறந்த கேள்வி எனலாம். எதைச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது, எங்கே முடிப்பது மூன்றும் நோயாளியின் கையில். மற்றொன்று, "நாலு நாளா இருமலாமே?" என்ற பாணி. இதை உறுதிப்படுத்தும் கேள்வி எனலாம். முன்னறையில் செவிலியர் எடை, ரத்த அழுத்தம் பார்த்து, என்ன குறை என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பார். அதைப் பார்த்துவிட்டு மருத்துவர் கேட்கிறார். படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதால் இதுதான் அக்கறையான தொடக்கம் என்று நமக்குத் தோன்றும். பதிவுகள் வேறு விதமாகச் சொல்லின. திறந்த கேள்வி கேட்கப்பட்டவர்கள் இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் பேசினார்கள், தனித்தனியான அறிகுறிகளையும் அதிகம் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "காபிதானே?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு மோர் வேண்டியிருந்தாலும் "சரி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. காபியும் குடிப்பார்தான். "இல்லை, மோர்" என்று சொல்ல வேண்டுமானால் கேட்டவர் நினைப்பதை மறுத்து, தன் விருப்பத்தை மேலே வைக்க வேண்டும். அதற்கு உரிமை வேண்டும். உறுதிப்படுத்தும் கேள்வியும் இதே மாதிரிதான். குறை என்னவென்று மருத்துவருக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நிலையை அது உண்டாக்கிவிடுகிறது. நோயாளிக்குத் திறக்கும் இடம் "ஆமாங்க" என்ற ஒரு சொல்லின் அளவுதான். அந்தச் சொல் வந்ததும் அடுத்த கேள்வி கேட்கும் முறை மருத்துவருக்குப் போய்விடுகிறது.

இதை ஒரு கற்பனை நோயாளியை வைத்து நம் ஊர்ப் பேச்சிலேயே பார்ப்போம். பெயர் சரோஜா, வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை. அவரிடம் இன்றைக்கு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. நான்கு மாதமாக முட்டி வலி. பத்து நாளாக, துணி காயப்போட மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைத்துக்கொண்டு தாடைவரை இழுக்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. மூன்றாவது, சர்க்கரைக்குத் தந்த மெட்ஃபார்மின் மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது என்று மூன்று வாரமாக அவரே நிறுத்திவிட்டார். முன்னறையில் இருக்கும் பெண் "என்னம்மா?" என்றபோது சரோஜா முட்டி வலி என்றார். சீட்டில் அது ஏறிவிட்டது.

உள்ளே மருத்துவர் சீட்டைப் பார்க்கிறார்.

"முட்டி வலியா?"

"ஆமாங்க டாக்டர்."

"ரெண்டு முட்டியிலயுமா?"

"வலதுலதான் ஜாஸ்தி."

"வீக்கம் இருக்கா? எத்தனை மாசமா?"

இப்படி ஒரு நிமிடத்தில் சுத்தமான, குறை சொல்ல முடியாத விசாரணை முடிகிறது. டைக்ளோஃபெனாக் மாத்திரை, தடவ ஒரு களிம்பு. எழுந்தபின் கதவருகே சரோஜா திரும்புகிறார்: "மாடி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்குது டாக்டர்." "வெயிட் குறைக்கணும்மா." முடிந்தது.

இதில் கவனிக்க இரண்டு விஷயம். வெளியே பெஞ்சில் பக்கத்து ஆளிடம் என்றால் "நெஞ்சை அடைக்குது" என்று சொல்லியிருக்கக்கூடியவர், கதவோரத்தில் "கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று அதைச் சுருக்கிவிட்டார். இடம் சின்னதாக இருந்தால் சேதியும் அதற்கேற்பச் சின்னதாகிவிடும். இரண்டாவது, மருத்துவ ரீதியாக இதுதான் ஆபத்து. உழைக்கும்போது வந்து ஓய்வில் விடும் நெஞ்சடைப்பு, அதுவும் சர்க்கரை உள்ளவருக்குப் புதிதாகத் தொடங்கியிருப்பது, இதய ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி. அப்படிப்பட்டவருக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பது இதயத்துக்குக் கூடுதல் ஆபத்து. மருத்துவர் கேட்ட ஒரு கேள்வியும் தவறில்லை. அவை எல்லாமே முட்டியைச் சுற்றியே இருந்தன.

அதே சரோஜா, அதே சீட்டு. மருத்துவர் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் முட்டி வலிதான் வரும். ஆனால் இப்போது அது கதையாக வரும். "நாலு மாசமா முட்டி வலி டாக்டர். முன்னெல்லாம் துணி காயப்போட நானே மாடிக்குப் போவேன். இப்ப ஏறவே முடியல. முட்டி ஒரு பக்கம்னா, பத்து நாளா ஏறும்போது நெஞ்சும் ஒரு மாதிரி அடைக்குது, நின்னா விட்டுடுது." நெஞ்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கதை மாடிப்படிக்கு வந்தது, மாடிப்படியில் நெஞ்சு இருந்தது. மனிதர்கள் தங்கள் உடம்பை உறுப்பு உறுப்பாக நினைவில் வைத்திருப்பதில்லை. செய்த வேலை, போன இடம், விட்டுப்போன வழக்கம் என்று வைத்திருக்கிறார்கள். கதைக்கு இடம் கொடுத்தால் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு வரும். உறுப்பைக் கேட்டால் உறுப்பு மட்டும் வரும்.

இந்த இரண்டாம் காட்சியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "இப்ப ஏறவே முடியல" என்ற இடத்தைக் கவனியுங்கள். நோயாளிகள் பெரும்பாலும் பழைய நாளிலிருந்து தொடங்கி இன்றைய நிலைக்கு வருகிறார்கள். இன்றைய அறிகுறியைச் சொன்னதும், கதை முடிந்தது என்று இருவருமே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் ராபின்சனும் ஹெரிடேஜும் 2005-இல் விவரித்திருக்கிறார்கள். அதாவது மருத்துவர் கண்ட இடத்தில் குறுக்கிடுவதில்லை. முடிவு போலத் தோன்றும் இடத்தில்தான் நுழைகிறார். சரோஜாவின் பேச்சில் அந்தப் போலி முடிவுக்கு அடுத்த வரியில் நெஞ்சடைப்பு இருக்கிறது. அங்கே "எந்த முட்டிம்மா?" என்று நுழைந்திருந்தால் முதல் காட்சிக்கே திரும்பியிருப்போம். அந்த இடத்தில் "ம்... சொல்லுங்க" என்றால் போதும், அடுத்த வரி வந்துவிடும்.

திறந்த கேள்வி மாதிரியே தோன்றி, வேறு வேலை செய்யும் வாக்கியமும் உண்டு. "எப்படி இருக்கீங்க?" என்பது அதில் பேர்போனது. மனம் கனிந்து கேட்டாலும், நம் பேச்சில் அதற்கு ஒரு தயார்ப் பதில் இருக்கிறது: நல்லா இருக்கேன். நோயோடு வந்தவர் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு, பிறகு அதிலிருந்து இறங்கி வர வேண்டும். ஆங்கிலத்தில் இதே கேள்விக்கும் அதே தொல்லைதான். அதோடு, இப்போ உடம்பு எப்படி இருக்கு என்ற பாணிக் கேள்வி, முன்பு பார்த்த குறை என்ன ஆயிற்று என்று விசாரிப்பதாகத்தான் கேட்கும் என்று ராபின்சன் காட்டினார். மறுபரிசோதனைக்கு வந்தவரிடம் அது சரியான கேள்வி. புதுக் குறையோடு வந்தவரிடம் கேட்டால், அவர் முதலில் மருத்துவரைத் திருத்த வேண்டும்: அது சரியாப் போச்சு டாக்டர், இது வேற. சிலர் திருத்துவார்கள். திருத்தத் தயங்குபவர்கள் பழைய குறைக்கே பதில் சொல்லிவிட்டு, புதியதைக் கதவுவரை தூக்கிக்கொண்டு போவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாதாமாதம் வருபவர்களின் புதுக் குறைகள் காணாமல் போக இதுவே நல்ல வழி.

இவ்வளவு தூரம் கேட்டபின் கறாரான வாசகருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். நீளமாகப் பேசியது கேள்வியாலா, அல்லது குறையாலா? சாதாரணச் சளிக்கு வந்தவர்களிடம்தான் "சளியா?" என்று கேட்டிருப்பார்கள், சிக்கலானவர்களிடம் "என்ன விஷயம்?" என்று கேட்டிருப்பார்கள் என்றால், காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். பதிவுகளை மட்டும் வைத்து இந்தச் சந்தேகத்தை முழுக்கத் தீர்க்க முடியாது. மருத்துவர்களின் வாயில் வேறு வேறு வாக்கியத்தைக் குலுக்கல் முறையில் வைத்துப் பார்த்தால்தான் தீரும். ஹெரிடேஜ் குழு அப்படியும் ஒன்று செய்தது. தொடக்கக் கேள்வியில் அல்ல, முதல் குறையைக் கேட்ட பிறகு வரும் "வேறு ஏதாவது?" என்ற கேள்வியில். ஆனாலும் ஒரு வாக்கியத்தின் சாய்வு நோயாளியின் வாயை எவ்வளவு திறக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சோதனை அரிது.

20 குடும்ப மருத்துவர்கள், 224 நோயாளிகள். உள்ளே போகும் முன்பே நோயாளிகளிடம் இன்று பேச வேண்டியவை எவை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதனால் உள்ளே எது விடுபட்டது என்று கறாராகச் சரிபார்க்க முடிந்தது. இந்த இடத்தில் ஆய்வின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஒன்றை மறைத்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால், மறைக்க ஏதோ இருந்தது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர்களில் ஒரு பாதியினர் "எனிதிங் எல்ஸ்" என்று கேட்க வேண்டும், மறு பாதியினர் "சம்திங் எல்ஸ்" என்று கேட்க வேண்டும். மற்றபடி வாக்கியம் ஒன்றேதான். ஆங்கிலத்தில் முதலாவது இல்லை என்ற பதில் பக்கம் சாய்வது, இரண்டாவது ஆமாம் என்ற பதில் பக்கம் சாய்வது. ஒன்றுக்கு மேற்பட்ட குறை எழுதியிருந்தவர்களில் இரண்டாவது கேள்விக்கு 90 விழுக்காட்டினர் ஆமாம் என்றார்கள். முதலாவதற்கு 53 விழுக்காட்டினர்தான். சொல்லாமல் விடுபடும் குறைகள் இரண்டாவது கேள்வியால் 78 விழுக்காடு குறைந்தன. முதலாவது கேள்வி, எதுவுமே கேட்காததைவிடக் குறிப்பிடும்படி உதவவில்லை. சந்திப்பின் நேரமும் நீளவில்லை. 2007-இல் இது வெளியானது.

இந்த வகைக்குச் சாய்வுக் கேள்வி என்று பெயர் வைக்கலாம். எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோம் என்பதைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும் கேள்வி. தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?" என்று கேட்டால் சரோஜா என்ன சொல்வார்? "சாப்பிடுறேன் டாக்டர்." மெட்ஃபார்மினை நிறுத்தியது அங்கேயே புதைந்துவிடும். ரத்தச் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்து, இருக்கும் மாத்திரை போதவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார். "அந்த மாத்திரை சாப்பிட்டா வயித்துக்கு ஒத்துக்காம சில பேரு விட்டுடுறாங்க, உங்களுக்கு எப்படி?" என்று கேட்டால் விட்டுவிட்டேன் என்று சொல்வதற்கு இடம் கிடைக்கும். "வேற ஒண்ணும் இல்லையே?" என்ற கேள்வி, என்னைப் பொறுத்தவரை, கேள்வியே இல்லை. வெளியே போகச் சொல்லும் மரியாதையான முறை.

திறந்த கேள்வியைக் கண்மூடிக் கொண்டாடவும் கூடாது. அது எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிடும் என்றால் இந்தத் துறையே தேவைப்படாது. பிரிட்டனில் கிறிஸ்டின் பாரி குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 35 நோயாளிகளைச் சந்திப்புக்கு முன் பேட்டி எடுத்து, சந்திப்பைப் பதிவு செய்து, பின்னும் பேட்டி எடுத்தார்கள். மனதில் வைத்திருந்த எல்லாவற்றையும் உள்ளே சொன்னவர்கள் 4 பேர்தான். இதில் எண்ணிக்கையைவிட எது வெளியே வந்தது, எது வரவில்லை என்பதுதான் கற்க வேண்டியது. அறிகுறிகள் வந்தன, என்ன நோய், என்ன மருந்து என்ற கேள்விகள் வந்தன. இது புற்றுநோயாக இருக்குமோ என்ற வகைப் பயம், தனக்குள் வைத்திருக்கும் காரண விளக்கம், மருந்தே வேண்டாம் என்ற எண்ணம், வீட்டு நிலைமை ஆகியவை உள்ளேயே தங்கிவிட்டன. "என்ன பண்ணுது?" என்று கேட்டால் பண்ணுவதுதான் வரும். பயப்படுவது வர வேண்டுமானால் "இது என்னவா இருக்கும்னு நினைச்சீங்க?" என்று இன்னொரு இடத்தைத் திறக்க வேண்டும்.

குடும்ப வன்முறை, உடலுறவுச் சிக்கல், தற்கொலை எண்ணம் போன்றவற்றுக்குத் திறந்த கேள்வியை மட்டும் நம்பியிருக்க முடியாது. நேரடியாகக் கேட்க வேண்டும். அங்கேயும் சாய்வு காத்திருக்கிறது. பிரிட்டனில் மனநல மருத்துவச் சந்திப்புகளின் காணொளிகளை ஆராய்ந்த ரோஸ் மெக்கேப் குழு, தற்கொலை எண்ணத்தைப் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவை "அப்படியெல்லாம் எண்ணம் இல்லையே?" என்ற தொனியில் கேட்கப்படுவதையும், அப்படிக் கேட்டால் இல்லை என்ற பதில் கூடுவதையும் கண்டது. மருத்துவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சம். கூச்சம் இலக்கணமாகி நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறது. அவசர சிகிச்சையில் ரத்தம் வழிய வந்தவரிடம் கதை கேட்க நேரமில்லை என்பதையும் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் நேரம் இருக்கும் ஊர்களுக்குச் சரி என்று ஒரு மருத்துவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. 2017-இல் 67 நாடுகளின் தகவலைத் தொகுத்த ஓர் ஆய்வில் முதல்நிலை மருத்துவச் சந்திப்பின் சராசரி நேரம் ஸ்வீடனில் இருபது நிமிடத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவுக்குக் கிடைத்த எண் 2 நிமிடத்தை ஒட்டி. நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் 92 விநாடி காது கொடுப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் போட வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 264 சந்திப்புகளை ஆராய்ந்து 1999-இல் வெளியான ஆய்வில், சொல்லி முடிக்க விடப்பட்டவர்கள் குறுக்கிடப்பட்டவர்களைவிட அதிகமாக எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 6 விநாடி. தொடக்கத்தில் குறைகளைக் கேட்டு வாங்காத சந்திப்புகளில், கடைசி நேரத்தில் புதுக் குறை முளைப்பது இரண்டு மடங்குக்கும் மேல். கதவருகே முளைத்த நெஞ்சடைப்பை மறுபடி உட்காரவைத்து விசாரிக்க ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் அந்த 6 விநாடி கொள்ளை மலிவு. சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதும் தவறில்லை. "முட்டி வலின்னு எழுதியிருக்கு. நீங்களே சொல்லுங்கம்மா, என்னென்ன பண்ணுது?" என்று கேட்டால் படித்ததும் தெரியும், இடமும் திறந்திருக்கும்.

மருத்துவரின் முதல் வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க நம்மால் முடியாது. நம் முதல் வாக்கியம் நம் கையில் இருக்கிறது. உள்ளே போகும் முன் சொல்ல வேண்டியவை எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். "முட்டி வலியா?" என்று கேட்டால், "ஆமாங்க டாக்டர், ஆனா மொத்தம் மூணு விஷயம் சொல்லணும்" என்று எண்ணிக்கையோடு பதில் சொல்லுங்கள். மூன்று என்று காதில் விழுந்தபின் ஒன்றோடு நிறுத்துவது யாருக்கும் கடினம். மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதுவும் அந்த எண்ணிக்கையில் சேர வேண்டும். எது முக்கியம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அது உங்கள் வேலையும் இல்லை. ஆனால் நெஞ்சு, மூச்சு, மயக்கம் சம்பந்தப்பட்டது எதுவாக இருந்தாலும் முட்டிக்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்.